நெடிய சொல்லும் நிறைந்த வரியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. ஒரு வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அதைவிட நீளமான வேறொரு சொல்லை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வரியோ எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. லேயர்களெல்லாம் ஒன்றாக்கப்பட்டு, எழுத்தும் தாளின் நிறமும் ஒரே பிக்சல் பரப்பாக உறைந்துவிட்ட தட்டைப் படம் அது. மூலக் கோப்பு எங்கே என்று கேட்டால், செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றோ, வன்தட்டு பழுதாகிவிட்டது என்றோ பதில் வரும். என்ன எழுத்துரு என்று கேட்டால் அதுவும் தெரியாது. மறுநாள் காலை அச்சேற வேண்டும். இப்படிப்பட்ட வேளையில், புதிதாக வந்த சொல்லின் எழுத்திடைவெளியையும் சொல்லிடைவெளியையும் பழைய வரியோடு எப்படி ஒத்துப்போகச் செய்வது? இதுவே இன்றைய கேள்வி.

ஓர் எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது நம்முடைய சொந்த அழைப்பிதழையும், உரியவர் திருத்தித் தரச் சொன்ன அறிக்கையையும் பற்றியே. சான்றிதழிலும் ரசீதிலும் இந்தக் கைவேலையைக் காட்டுவது குற்றம். அதற்கு இந்த மன்றத்தில் இடமில்லை.

வரி இடப்பக்க ஓரத்தில் மட்டும் சீராக நின்று வலப்பக்கம் ஏறியிறங்கி நிற்குமானால், நமக்குத் துன்பமே இல்லை. புதிய சொல்லை வைத்துவிட்டு, அதன் பின்னுள்ள சொற்களை வலப்பக்கம் நகர்த்தினால் வேலை முடிந்தது. வரி நடுவில் நிற்பதானால், கூடுதல் நீளத்தில் பாதியை இப்புறமும் பாதியை அப்புறமும் கொடுத்துவிடலாம். இடர் எங்கே வருகிறது? இரு ஓரங்களும் சீராக நிரப்பப்பட்ட வரியில் வருகிறது. அங்கே இடப்பக்கமும் சுவர், வலப்பக்கமும் சுவர். நடுவிலோ ஒரு சொல் பருத்துவிட்டது. ஆகவே அந்த வரியைப் பற்றியே இன்று பேசுவோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஏ5 அளவுள்ள ஓர் அழைப்பிதழ். அங்குலத்துக்கு 300 பிக்சல். எழுத்து 14 பாயிண்ட். 14 பாயிண்ட் என்பது இந்த நுணுக்கத்தில் ஏறக்குறைய 58 பிக்சல். அதில் ஒரு வரி இவ்வாறு இருக்கிறது: விழா நகர மண்டபத்தில் மாலை 6 மணிக்கு நடைபெறும். மண்டபம் கிடைக்கவில்லை, விழாவைக் கலையரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே வரி, விழா நகர கலையரங்கத்தில் மாலை 6 மணிக்கு நடைபெறும், என்று ஆக வேண்டும். ‘மண்டபத்தில்’ என்பது ஏழு எழுத்து. படத்தில் அதன் அகலம் 352 பிக்சல். ‘கலையரங்கத்தில்’ என்பது ஒன்பது எழுத்து. அதே அளவில், அதே இடைவெளியில் கோத்துப் பார்த்தால் 424 பிக்சல் வருகிறது. 72 பிக்சல் கூடுதல். இந்த 72 பிக்சலை எங்கே தேடுவது?

பெரும்பாலோர் செய்வது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதிய சொல்லை அதன் பெட்டியின் பக்கப்பிடியைப் பற்றி, பழைய சொல் இருந்த 352 பிக்சலுக்குள் அமுக்கி வைத்துவிடுவார்கள். ஒரு க்ஷணத்தில் முடிகிற வேலை. ஆனால் அப்படி அமுக்கும்போது நேர்வது என்ன? அகலம் நூற்றுக்கு 83 ஆகக் குறைகிறது. நிற்கும் கோடுகளின் பருமனும் அதே விகிதத்தில் குறைகிறது. 7 பிக்சல் பருமனுள்ள ‘ய’கரத்தின் கால் 6 பிக்சலுக்கும் கீழே போய்விடுகிறது. படுக்கைக் கோடுகளோ குறையாமல் அப்படியே நிற்கின்றன. ஆகவே கால்கள் மெலிந்து, அடியும் தலையும் பருத்து, அந்தச் சொல் மட்டும் வேறொரு எழுத்துருவில் அச்சிட்டதுபோல் தோன்றுகிறது. வாசிப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் அவருடைய கண் அந்தச் சொல்லில் ஒருமுறை தடுக்கும். தடுக்கிவிட்டால் திருத்தம் வெளிப்பட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இன்னும் சிலர் எழுத்தை அமுக்கமாட்டார்கள். புதிய சொல்லின் எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் உள்ள எட்டு இடைவெளிகளிலிருந்து 72 பிக்சல் எடுப்பதென்றால், ஒவ்வொன்றிலிருந்தும் 9 பிக்சல் எடுக்க வேண்டும். ஆனால் நம் வரியில் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே இருப்பதே சராசரியாக 5 பிக்சல்தானே! இல்லாததை எங்கிருந்து எடுப்பது? எழுத்தின்மேல் எழுத்து ஏறிக்கொள்ளும்.

அப்படியானால் உபாயம் என்ன? பந்தியில் எல்லோரும் அமர்ந்த பிறகு இன்னொருவர் வந்தால் என்ன செய்கிறோம்? வந்தவரை மட்டும் ஒடுங்கி உட்காரச் சொல்வதில்லை. வரிசையிலுள்ள ஒவ்வொருவரும் இலையோடு சிறிது நகர்ந்துகொள்கிறார்கள். யாரும் நெருக்கத்தை உணர்வதில்லை. வரியிலும் அவ்வாறே. கூடுதலான 72 பிக்சலை வந்த சொல் மட்டும் சுமக்கக் கூடாது. வரி முழுவதும் சுமக்க வேண்டும். சுமப்பதிலும் ஒரு முறை உண்டு: முதலில் சொல்லிடைவெளி, அதன் பிறகே எழுத்திடைவெளி.

ஏன் அந்த முறை என்று கேட்கலாம். அதற்கு விடை ஈய எழுத்து நாட்களிலேயே இருக்கிறது. கையால் அச்சுக் கோத்த காலத்தில், கம்பாசிட்டருடைய கேஸில் சொற்களுக்கிடையே வைக்கும் ஸ்பேஸ்கள் மூன்று தரத்தில் இருந்தன. எழுத்தளவில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ளது தடித்தது. நான்கில் ஒரு பங்கு உள்ளது நடுத்தரம். ஐந்தில் ஒரு பங்கு உள்ளது மெல்லியது. 12 பாயிண்ட் எழுத்தில் இவை முறையே 4, 3, 2.4 பாயிண்ட். புரூஃபில் ஒரு சொல் நீண்டுவிட்டால், கம்பாசிட்டர் அந்தச் சொல்லின் எழுத்தை அரத்தால் ராவமாட்டார். வரியிலுள்ள தடித்த ஸ்பேஸ்களை எடுத்துவிட்டு மெல்லியவற்றை வைப்பார். ஆறு இடைவெளியுள்ள 12 பாயிண்ட் வரியில் இவ்வாறு மாற்றினால் 9.6 பாயிண்ட் இடம் கிடைக்கும். எழுத்துகள் ஒன்றுகூட அசைந்திருக்காது. ஈயத்தில் எழுத்திடைவெளி என்பது எழுத்தின் உடலோடு வார்க்கப்பட்டது; அதைக் கூட்டலாமே தவிர, எளிதில் குறைக்க முடியாது. சொல்லிடைவெளியோ தனித் துண்டு, மாற்றுவதற்கென்றே அமைந்தது. பொருளின் இயல்பே அவருக்கு வழியைக் கற்றுக்கொடுத்தது. பிக்சல்களோ எதற்கும் இசைந்துவிடுகின்றன. அதனால்தான் நாம் எல்லாப் பிழைகளையும் செய்கிறோம்.

சொல்லிடைவெளியைக் குறைத்தால் வரி கெட்டுவிடாதா என்ற அச்சம் வேண்டியதில்லை. 1947-ஆம் ஆண்டு யான் ட்ஷிகோல்ட் என்னும் வடிவமைப்பாளர் பெங்குயின் நூல்களுக்கு அச்சுக்கோப்பு விதிகளை வகுத்தபோது, சொற்களை இயன்றவரை நெருக்கமாக வைக்க வேண்டும், நடுத்தர ஸ்பேஸ் போதுமானது என்பதை முதன்மையான விதிகளுள் ஒன்றாக வைத்தார். அகன்ற இடைவெளிகள்தான் பக்கத்தில் ஓட்டைகளை உண்டாக்குகின்றன. ஆகவே சொல்லிடைவெளி சற்றே இறுகுவதில் அழகுக்குக் கேடில்லை. ஆனால் எதுவரை இறுக்கலாம்? அங்கேதான் நிதானம் வேண்டும்.

இதற்கு ஆங்கிலத்துக்குள்ள அளவுகோலை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆங்கில வரியில் சொற்கள் சிறியவை. ஒரு வரியில் பத்துப் பன்னிரண்டு இடைவெளிகள் இருக்கும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமானவை. இடைவெளிகள் மிகக் குறைவு. நம் உதாரண வரியில் ஆறு இருப்பதே அதிருஷ்டம். மூன்றே இடைவெளியுள்ள வரிகள் எத்தனையோ! இடைவெளி குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் சுமக்க வேண்டிய பாரம் கூடுகிறது. ஆகவே நான் கடைப்பிடிக்கும் பிரமாணம் இது: மேல்வரியையும் கீழ்வரியையும் அளந்து பாருங்கள், அவற்றின் சொல்லிடைவெளியில் முக்கால் பங்குக்குக் கீழே போகாதீர்கள். ஒரு வரி இறுகியதா, தளர்ந்ததா என்பதை வாசகரின் கண் அக்கம்பக்கத்து வரிகளோடு ஒப்பிட்டே உணர்கிறது.

அளந்து பார்ப்போம். போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் அளவுகோல் கருவி உண்டு. ஒரு சொல்லின் கடைசிக் கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்த சொல்லின் முதற்கோட்டின் வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். மேல்வரியில் இடைவெளி 23 பிக்சல், கீழ்வரியில் 24. நம் வரியோ முன்பே சற்றுத் தளர்ந்தது, அதில் 26. நமக்கு இது நல்ல சகுனம். 24-இல் முக்கால் பங்கு 18. ஆகவே 26-ஐ 18 ஆக்கலாம். ஒவ்வொரு இடைவெளியிலும் 8 பிக்சல். ஆறு இடைவெளிக்கு 48. இன்னும் வேண்டியது 24.

இப்போதுதான் எழுத்திடைவெளியைத் தொடுகிறோம். அதையும் புதிய சொல்லில் மட்டும் தொடுவதில்லை; வரியிலுள்ள எல்லாச் சொற்களிலும் ஒரே அளவில் தொடுகிறோம். புதிய வரியில் சொற்களுக்குள்ளே இருக்கும் எழுத்திடைவெளிகளை எண்ணுங்கள். ‘விழா’வில் ஒன்று, ‘நகர’வில் இரண்டு, ‘கலையரங்கத்தில்’ எட்டு, ‘மாலை’யில் ஒன்று, ‘மணிக்கு’வில் மூன்று, ‘நடைபெறும்’ நான்கு. ஆக மொத்தம் 19. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிக்சலைக் குறைத்தால் 19 பிக்சல் கிடைக்கிறது. ஒரு பிக்சல் என்பது 58 பிக்சல் எழுத்தில், மென்பொருள்கள் கணக்கிடும் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகின்படி, 17 அலகு. ஐந்து நான்காகும்; கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பிக்சல் குறைத்தால் தெரியத் தொடங்கிவிடும். ஆகையால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுத்திடைவெளி என்பது எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ளது. ஓர் எழுத்தின் உறுப்புகளுக்கிடையே உள்ளதன்று. ‘நடைபெறும்’ என்ற சொல்லில் ‘டை’ என்பதன் சங்கிலிக் கொம்பும் டகரமும் படத்தில் தனித்தனி வடிவங்களாகத் தெரியும். ‘பெ’யின் ஒற்றைக் கொம்பும் அவ்வாறே. ஆயினும் அவற்றுக்கிடையே கத்தி வைக்கக் கூடாது. கொம்பும் அதற்குரிய மெய்யும் ஒரே உடலாக நகர வேண்டும். யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருக்களில், கொம்பு தனி எழுத்தாகவே தட்டச்சு செய்யப்பட்டது. அவற்றில் இடைவெளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் கொம்புக்கும் மெய்க்கும் இடையேயும் மாற்றம் விழும். கொம்பு தன் எழுத்தை விட்டு முன்சொல்லின் பக்கம் சாய்ந்து நிற்கும் அழைப்பிதழ்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் காரணம் இதுவே.

48-உம் 19-உம் 67. இன்னும் 5 பிக்சல் வேண்டும். இந்த ஐந்தை எங்கே ஒளிப்பது? சொல்லிடைவெளியில் இன்னும் ஒன்று குறைக்கலாமே என்று தோன்றும்; ஆனால் நாம் முக்கால் பங்கு என்று எல்லை வகுத்தாயிற்று. இந்த இடத்தில் கணக்கு நம்மைக் கைவிட்டு, கண் துணைக்கு வருகிறது. அளவுகோலால் சமமாக இருக்கும் இடைவெளிகள் கண்ணுக்குச் சமமாக இருப்பதில்லை. ‘6’ என்ற எண்ணைப் பாருங்கள். அதன் வயிறு கீழே உருண்டிருக்கிறது. மேலே வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. இடத்தோளும் வளைந்து ஒதுங்குகிறது. ஆகவே அதன் இருபுறமும் உள்ள இடைவெளி, அளவில் ஒன்றாக இருந்தாலும், மற்றவற்றைவிடப் பெரிதாகத் தோன்றும். அவ்விரண்டிலும் ஒவ்வொரு பிக்சல் எடுத்து 17 ஆக்கினால், கண்ணுக்கு மற்றவற்றோடு சமமாகவே தோன்றும். இரண்டு பிக்சல் கிடைத்தது. மீதி மூன்று? வரியின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. புள்ளி சிறியது, அடியில் கிடப்பது. அது ஓரத்தைச் சற்றே தாண்டி நின்றால் ஓரம் கோணியதாகத் தெரியாது. சொல்லப்போனால், புள்ளி ஓரத்துக்குள்ளேயே நிற்கும்போதுதான் அந்த வரி உள்வாங்கியதுபோல் தோன்றும். புள்ளியை மூன்று பிக்சல் வெளியே விடுகிறோம். 72-உம் தீர்ந்தது.

கணக்கு தீர்ந்தது, கைவேலை இனித்தான். புதிய சொல்லை எங்கிருந்து கொண்டுவருவது? எழுத்துருவின் பெயர் தெரிந்தால் தட்டச்சு செய்யலாம். தெரியாவிட்டால், ஒத்தது போலிருக்கும் வேறொன்றைத் தேடி அலைவதைக் காட்டிலும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: அந்தத் தாளிலேயே அந்த எழுத்துகள் கிடக்கின்றன. ‘கலையரங்கத்தில்’ என்பதற்கு வேண்டிய கடைசி எழுத்துகளாகிய த், தி, ல் மூன்றும் நாம் நீக்கப்போகும் ‘மண்டபத்தில்’ என்ற சொல்லின் வாலிலேயே ஒன்றாக இருக்கின்றன. முதற்ககரம் ‘நகர’வில் இருக்கிறது, ரகரமும் அங்கேயே. ‘லை’ என்பது ‘மாலை’யில். ‘ங்க’ என்ற இணை, அதே அளவு எழுத்தில் கீழே அச்சிட்டுள்ள ‘சங்கம்’ என்ற சொல்லில் கிடைக்கிறது. யகரத்துக்கு ‘யாவரும் வருக’ என்ற வரி இருக்கவே இருக்கிறது. போட்டோஷாப்பில் ஒவ்வொன்றையும் தெரிவு செய்து `Ctrl+J` அழுத்தினால் தனித்தனி லேயராக வந்துவிடும். மையின் கருமையும் விளிம்பின் மென்மையும் தாமே ஒத்திருக்கும். ஏனெனில் அவை அந்தத் தாளின் எழுத்துகளே.

இவ்வாறு எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எழுத்துகளை மட்டும் நாம் எடுக்கவில்லை, இடைவெளிகளையும் எடுக்கிறோம். ‘த்தில்’ என்பதைத் துண்டாக எடுத்தால் அதனுள் இருக்கும் இரண்டு இடைவெளிகள், அந்த எழுத்துருவைச் செதுக்கியவர் விதித்தபடியே வந்துவிடுகின்றன. ‘ங்க’ என்பதில் ஒன்று. எட்டில் மூன்று இடைவெளிகள் நம் தீர்மானத்துக்கு உட்படாமலே அமைந்துவிட்டன. மிஞ்சியவை ஐந்து பொருத்துகள்: க–லை, லை–ய, ய–ர, ர–ங், க–த்.

அந்த ஐந்தையும் எல்லாவற்றுக்கும் ஐந்து பிக்சல் என்று வைத்துவிடலாமா? கூடாது. ஒரே வரியில் வெவ்வேறு பொருத்துகளை உருப்பெருக்கி அளந்து பாருங்கள். நிமிர்ந்த கால் இரண்டு எதிரெதிரே நிற்கும் இடத்தில் 7 பிக்சல் இருக்கும். காலும் வளைவும் சந்திக்கும் இடத்தில் 5. வளைவும் வளைவும் சந்திக்கும் இடத்தில் 4. ஏன்? வளைவுக்கு மேலும் கீழும் வெளி தானாகவே விரிகிறது. இரு கால்களுக்கிடையே அது விரிவதில்லை. டகரத்தை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கால், அடியில் ஒரு படுக்கைக் கோடு, வலப்பக்கம் மேலே முழுவதும் வெட்டவெளி. அதன்பின் வரும் எழுத்தை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் நடுவில் ஒரு சாளரம் திறந்தே இருக்கும். தமிழ் எழுத்துகளை இணைப்பவர்க்கு அதுவே கண்ணுக்குப் பயிற்சி தரும் எழுத்து.

ஆகவே பொருத்து ஒவ்வொன்றுக்கும், அதே வடிவமுள்ள பக்கங்கள் சந்திக்கும் வேறோர் இடத்தைத் தாளில் தேடி, அந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். ய–ர என்ற பொருத்துக்கு எங்கே தேடுவது? ‘யாவரும்’ என்ற சொல்லில் யகரத்தையடுத்துத் துணைக்கால் நிற்கிறது. துணைக்காலின் இடப்பக்கமும் ரகரத்தின் இடப்பக்கமும் ஒரே வகையான நிமிர்ந்த கோடுதான். ‘யா’வினுள் இருக்கும் இடைவெளி 7 பிக்சல், அதையே ய–ர இடையே வைக்கிறோம். மற்றவற்றுக்கும் இவ்வாறே. இப்படிக் கோத்த சொல்தான் 424 பிக்சல். அதன் பிறகே எட்டிலிருந்தும் ஒவ்வொரு பிக்சல் குறைத்து 416 ஆக்குகிறோம். முதலில் இயல்பான இடைவெளி, பிறகு குறைத்தல். முறையை மாற்றினால் எது எழுத்துருவின் இடைவெளி, எது நாம் நெருக்கியது என்பது நமக்கே தெரியாமல் போகும்.

இனி நகர்த்துதல். இடப்பக்க ஓரத்தில் ‘வி’ அசையாது. ‘ழா’ ஒரு பிக்சல் இடப்பக்கம் நகரும். அடுத்த சொல்லின் ‘ந’, அந்த ஒன்றோடு சொல்லிடைவெளியில் குறைத்த எட்டும் சேர்ந்து, 9 பிக்சல் நகரும். ‘க’ பத்து, ‘ர’ பதினொன்று. புதிய சொல் 19 பிக்சல் இடப்பக்கமாகத் தொடங்கி, பழைய சொல் முடிந்த இடத்துக்கு 45 பிக்சல் வலப்பக்கமாக முடியும். அங்கிருந்து எல்லாம் வலப்பக்க நகர்ச்சி: ‘மா’ 37, ‘லை’ 36, எண் 27, ‘மணிக்கு’ என்பதன் நான்கு எழுத்தும் 18, 17, 16, 15, ‘நடைபெறும்’ என்பதன் ஐந்தும் 7, 6, 5, 4, 3. கடைசி எழுத்தோடு புள்ளியும் 3. நாம் புள்ளிக்கு விட்ட வெளியும் அதே மூன்றுதானே? கடைசி எண் இவ்வாறு பொருந்தினால் நடுவில் எங்கும் தவறவில்லை என்று பொருள். பொருந்தாவிட்டால், எழுத்துகளை நகர்த்தத் தொடங்கும் முன்பே தாளில் போட்ட கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

நகர்த்தும்போது முழு பிக்சலாகவே நகர்த்த வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது. நகர்த்தும் கருவியை எடுத்து அம்புக்குறி விசையைத் தட்டினால் தட்டுக்கு ஒரு பிக்சல். போட்டோஷாப்பில் ஷிஃப்டோடு தட்டினால் பத்து. இவ்வாறு நகர்ந்த எழுத்தின் விளிம்பு பிறழாது. உருமாற்றப் பெட்டியில் 8.4 என்று எண் கொடுத்தாலோ, எழுத்தைச் சிறிதளவு பெரிதாக்கினாலோ, மென்பொருள் ஒவ்வொரு பிக்சலையும் புதிதாகக் கலந்து எழுதுகிறது. கூர்மையான விளிம்பு புகைந்துவிடுகிறது. வரியில் ஓர் எழுத்து மட்டும் சற்றே மங்கலாகத் தெரிந்தால், அங்கே யாரோ அரை பிக்சலில் நகர்த்தியிருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லலாம். 72-ஐ நான் பின்னமில்லாமல் பங்கிட்டதன் காரணமும் அதுவே.

பின்புலம் வெறும் வெள்ளையானால், எழுத்தைச் சுற்றிச் சிறிது வெள்ளையோடு வெட்டி நகர்த்தலாம். ஜேபெக் படமானால் எழுத்தோரங்களில் சாம்பல் துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றையும் சேர்த்தே வெட்டுங்கள். வெறுமையான தாளில் அந்தத் துகள்கள் அனாதையாகக் கிடந்தால் பழைய எழுத்து இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வேலை முடியும் வரை டிஃப் ஆகச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் ஜேபெக்காகச் சேமித்தால் துகள்கள் பெருகும். பின்புலத்தில் நிறம் படிப்படியாக மாறினால் மட்டும் வேலை இரட்டிப்பாகும்: முதலில் எழுத்தில்லாத பின்புலத்தைத் தனியே சமைத்து, அதன்மேல் எழுத்துகளை மட்டும் பெருக்கல் முறை லேயராக வைக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு எழுத்தும் தன் பழைய இடத்து நிறத்தையும் சுமந்துகொண்டு வந்து நிற்கும்.

எல்லாம் முடிந்தது. சரியாக வந்ததா என்று எப்படி அறிவது? உற்றுப் பார்த்தால் தெரியாது. உற்றுப் பார்க்கும்போது நாம் சொல்லை வாசித்துவிடுகிறோம். வாசிக்கும் கண்ணுக்கு இடைவெளி தெரியாது. ஆகவே படத்தின் நகலொன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எழுத்துகள் பொருளிழந்து வெறும் கறுப்பும் வெளுப்புமாகும். எங்கே ஓட்டை, எங்கே நெருக்கம் என்பது பிரத்தியட்சமாகும். பிறகு அதே நகலில் `Gaussian Blur` எடுத்து ஆறு பிக்சல் கொடுங்கள். வரி ஒரு சாம்பல் நாடாவாக மாறும். அந்த நாடா முதலிலிருந்து முடிவு வரை ஒரே சாயலாக இருக்க வேண்டும். புதிய சொல்லின் இடத்தில் மட்டும் கறுத்திருந்தால் அங்கே நெருக்கிவிட்டீர்கள். நாடா முழுவதுமே மேல்வரி கீழ்வரிகளைவிடக் கறுத்திருந்தால் வரியின் சக்திக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டீர்கள்.

சக்திக்கு மீறினால் என்ன செய்வது? கூடுதல் 72 இல்லாமல் 120 ஆக இருந்திருந்தால்? சொல்லிடைவெளி 48 தரும், எழுத்திடைவெளி 19 தரும், கண்ணின் சலுகை 5 தரும். அதற்குமேல் அந்த வரியால் ஒன்றும் தர முடியாது. அப்போது பிடிவாதம் பிடிக்காமல் பாரத்தைக் கீழ்வரிக்கும் பகிர வேண்டும். ‘நடைபெறும்’ என்ற கடைசிச் சொல்லைக் கீழே இறக்கிவிட்டால் நம் வரி தளர்ந்து, இடைவெளிகளை விரிக்கும் நிலை வரும்; கீழ்வரி பத்தியின் கடைசி வரியானால், அதற்கு வலப்பக்கம் வெற்றிடம் இருக்குமாதலால், எளிதில் ஏற்றுக்கொள்ளும். கீழ்வரியும் நிறைந்த வரியானால் அதற்கும் இதே கணக்கைப் போட வேண்டும். சில சமயம் பத்தியின் கடைசி வரி வரை கணக்கு ஓடும்.

அதைவிட எளிய வழியொன்றும் உண்டு. ஆனால் அது நம் கையில் இல்லை. ‘நடைபெறும்’ என்பதை ‘நடக்கும்’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று அழைப்பிதழுக்கு உரியவரிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்க்கலாம். பாதிப்பேர் உடனே சம்மதித்துவிடுவார்கள். சம்மதிக்காத பாதிப்பேருக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். இனி உங்களுடைய ஐயங்களைக் கேட்கலாம். பின்வரிசையில் ஏற்கெனவே ஒரு கை உயர்ந்திருக்கிறது.